ரெண்டு சைபர் எட்டு

கணக்காய்வுத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் பிழைகளைப் பிடித்துச் சம்பளம் வாங்கியவர் தியாகராசா. ஓய்வு பெற்று, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், எட்டு மாடிக் கட்டடத்தின் ஐந்தாம் மாடிக்குக் குடிவந்த பிறகு மற்றவர்களின் பிழைகள் அவர் கைக்கு எட்டாமற் போயின. ஆகவே சொந்தமாகச் செய்யத் தொடங்கினார்.

அவற்றில் பெயர் போனது போன வருடம் நடந்தது. குடியிருப்பாளர் சங்கத்துக்கு அவர்தான் பொருளாளர். தண்ணீர்த் தாங்கி கழுவிய ஆளுக்குக் காசு அனுப்பவேண்டும். ஆள் தொலைபேசியில் கணக்கு இலக்கத்தைச் சொல்லும்போது "டபிள் ஃபைவ்" என்றான். தியாகராசாவின் காதில் "டபிள் நைன்" என்று விழுந்தது. காசு நேரே எங்கோ தூரத்து ஊரான வெள்ளவாயாவில் இருந்த யாரோ ஒரு அம்மாவின் கணக்குக்குப் போய்விட்டது. வங்கி அந்த அம்மாவைத் தேடிப்பிடித்து, அவர் சம்மதம் தந்து, காசு திரும்பி வரப் பத்தொன்பது நாள் எடுத்தது. அன்று தொட்டு கட்டடத்துப் பிள்ளைகள் அவரை 'வெள்ளவாயா அங்கிள்' என்றே அழைத்தார்கள். அவருக்கு அது பெரிய கவலையில்லை. ஒருநாள் மனைவி கனகேஸ்வரி மரக்கறிக்காரனிடம் "வெள்ளவாயா அங்கிளின்ரை வீடு" என்று விலாசம் சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது.

அதற்குப் பிறகு அவர் இரண்டு சட்டம் போட்டார். ஒன்று, சங்கத்தின் காசு ஐம்பதாயிரத்துக்கு மேலே போனால் கையில் கொடுப்பதில்லை. தலைவரும் பொருளாளரும் சேர்ந்து வங்கிக்குப் போய், படிவத்தில் இருவரும் கையெழுத்து வைத்துத்தான் அனுப்பவேண்டும். இரண்டு, தொலைபேசியில் யாராவது இலக்கம் சொன்னால் தமிழில் மட்டும் சொல்லவேண்டும். ஃபைவும் நைனும் ஆளை மாற்றும். அஞ்சும் ஒன்பதும் ஒருநாளும் மாற்றாது. இதைக் கண்டுபிடித்த அன்று இரவு அவர் மிகவும் நிம்மதியாக நித்திரை கொண்டார்.

இந்த இரண்டாவது சட்டம்தான் அந்த வெள்ளிக்கிழமை அவரைப் படுத்தியெடுத்தது.

காலை ஏழு மணிக்கு லிஃப்ட் நின்றது. பதினொரு மணிக்கு, முழங்கால் மாற்றி நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த கனகேஸ்வரி வான் வண்டியில் வந்து இறங்கினாள். இரண்டு கிழமைக்குப் படி ஏறவே கூடாது என்று டொக்டர் துண்டில் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தார். பிடித்து நடக்கும் இரும்புச் சட்டத்தோடு அவள் மெல்ல மெல்லக் கீழ்த்தளத்துக்குள் வந்தாள். இருண்டு கிடந்த லிஃப்டைப் பார்த்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள்.

"நாலு பெடியளைப் பிடிச்சுக் கதிரையோடை தூக்குவிக்கிறன், கனகு."

"நான் என்ன சாமியே, தூக்கிக்கொண்டு போறதுக்கு? ஆரும் வழுக்கினால் மற்ற முழங்காலையும் மாத்தவேணும். லிஃப்ட் ஓடினால் வாறன். ஓடாட்டில் இஞ்சையே இருப்பன்."

கட்டடக் காவலாளி ஒரு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து போட்டார். அவள் லிஃப்ட் வாசலுக்கு நேரெதிரே, அதைக் காவல் காப்பவள் போல, உட்கார்ந்தாள். மூன்றாம் மாடி ருக்கியா ஒரு தலையணையும் கோழிச் சூப்பும் கொண்டு இறங்கி வந்தாள்.

லிஃப்ட் திருத்துகிற ரிம்ஸானுக்குக் கடை கொட்டாஞ்சேனையில். காலையிலேயே வந்து பார்த்து, கட்டுப்பாட்டுப் பலகை எரிந்துவிட்டது என்று சொல்லியிருந்தான். புறக்கோட்டையில் ஒரே ஒரு பலகை இருக்கிறதாம். வைத்திருப்பவர் கடன் தரமாட்டாராம்.

"ஒரு லச்சத்தி எம்பத்தஞ்சாயிரம் சேர். சல்லி என்ட கணக்குக்கு வந்திச்சிண்டா, மூணரைக்குப் போர்ட எடுத்து, அஞ்சு மணிக்கு லிஃப்ட ஓடவெச்சித் தாறன். இண்டைக்கி விட்டா செவ்வாய்தான். திங்கள் போயா லீவு."

செவ்வாய்க்கிழமை வரை கனகேஸ்வரி பிளாஸ்டிக் கதிரையில். தியாகராசா அதை நினைத்துப் பார்த்தார். நினைக்கத் தொடங்கிய இடத்திலேயே நிறுத்திக்கொண்டார்.

சங்கத் தலைவர் ஸாலிஹ் ஹாஜியார், ருக்கியாவின் கணவர். பாமன்கடையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். அவர் ஜும்ஆத் தொழுகை முடிந்து வர ஒன்று நாற்பது. கனகேஸ்வரியின் கதிரைக்குப் பக்கத்திலேயே நின்று, தொலைபேசியைச் சத்தமாக வைத்து ரிம்ஸானுக்கு அழைப்பு எடுத்தார்கள்.

"சேர், கெதியா எழுதுங்க. நான் இப்ப இன்னொரு லிஃப்ட் குழிக்குள்ள எறங்கப் போறன், அங்க சிக்னல் இல்ல. மூணு மணிக்குத்தான் மேல வாற. எழுதுங்க, பேங்க் கோட் செவன் நைன்..."

"நில்லும், நில்லும்," என்றார் தியாகராசா. "இங்கிலீசு வேண்டாம். டபிள் ட்ரிபிள் ஒண்டும் வேண்டாம். வடிவாத் தமிழிலை சொல்லும்."

பிறகு ரிம்ஸான், பள்ளிக்கூடத்தில் பாட்டுக்கு எழுப்பப்பட்ட பிள்ளை மாதிரி, கவனமாகத் தமிழில் சொன்னான்.

"பேங்க் கோட், ஏழு ஒம்பது மூணு ஒண்டு. ப்ராஞ்ச் கோட், ரெண்டு சைபர் எட்டு. எக்கவுண்ட் நம்பர், ஒண்டு, மூணு சைபர், அஞ்சு, ரெண்டு நாலு, ஏழு ஆறு ஒம்பது. சரிதானே சேர்? நான் எறங்குறன்."

தியாகராசா நாட்குறிப்பில் எழுதினார். ஸாலிஹ் ஹாஜியார் ஒரு கடைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதினார். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை. அது ஒருவர்மீது ஒருவர் வைத்திருந்த மரியாதை.

மூன்று மணிக்குப் பூட்டுகிற காலி வீதி வங்கிக்குள் நுழையும்போது இரண்டு பத்து. வெள்ளிக்கிழமை, நீண்ட விடுமுறை, ஆகவே வெள்ளவத்தையில் பாதி அங்கேதான் நின்றது. அவர்களுடைய துண்டு இலக்கம் வர இரண்டு இருபத்தைந்து ஆயிற்று. மேசையில் இருந்த பெண் தாரிகா. சங்கத்தின் கணக்கை அவளுக்குத் தெரியும். வெள்ளவாயா அலுவலும் தெரியும். ஆனால் சிரிக்காமல் இருக்கப் படித்திருந்தாள்.

படிவத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள். வங்கிக் குறியீட்டுக்கு நாலு, கிளைக் குறியீட்டுக்கு மூன்று, கணக்கு இலக்கத்துக்குப் பன்னிரண்டு. தியாகராசா ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒவ்வோர் இலக்கத்தை முட்டை அடுக்குவதுபோல வைத்துக்கொண்டு போனார். ஸாலிஹ் ஹாஜியார் கையெழுத்து வைக்கக் குனிந்தவர் பேனாவைத் தூக்கினார்.

"ஐயா, இது என்ன ரெண்டு, சைபர், எட்டு?"

"அவர் சொன்னதுதான் ஹாஜியார். ரெண்டு, சைபர், எட்டு."

"மனிசன் சொன்ன ரெண்டு சைபர். ரெண்டு சைபர்ண்டா சைபர் ரெண்டு ஈக்கிது. பாருங்க, நான் எழுதின." கடைப் பில்லில் 008 என்று இருந்தது.

தியாகராசா தன் 208ஐயும் அவருடைய 008ஐயும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் மூன்று இலக்கம். இரண்டும் மூன்று பெட்டிக்குள் அழகாக உட்கார்ந்துவிடும். மனக்கண்ணில் வெள்ளவாயா பஸ் ஒன்று மெல்லக் கிளம்பியது.

"கணக்கு இலக்கத்தைப் பாப்பம்," என்றார்.

பார்த்தார்கள். ஹாஜியாரிடம் 1000544769. தியாகராசாவிடம் 130524769.

"உங்கடை ஒண்டு குறையுது அங்கிள்," என்றாள் தாரிகா. "அந்த வங்கியின்ரை கணக்கு பத்து இலக்கம். பெட்டி பன்னிரண்டு இருக்குதெண்டு யோசிக்காதேங்கோ, வலப்பக்கம் ஒட்டி எழுதினால் முன்னுக்கு மிஞ்சிறதுக்குச் சைபர் போடலாம். ஆனால் பத்து இருக்கவேணும்."

"அப்ப மூணு சைபரெண்டது மூண்டும் சைபரும் இல்லை. மூண்டு சைபர்," என்றார் தியாகராசா.

"அதத்தான் நானும் சொல்ற," என்றார் ஹாஜியார். "அப்பிடீண்டா ரெண்டு சைபரும் ரெண்டு சைபர்தான். ரெண்டு நாலும் ரெண்டு நாலு, அதாவது நாலு நாலு. ஒரே மனிசன், ஒரே வாய்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் முப்பத்தொரு வருடப் பழக்கம் சும்மா விடுமா? தியாகராசா வங்கிக் குறியீட்டைத் தொட்டுக் காட்டினார்.

"அப்பிடியெண்டால் இது? ஏழு ஒம்பது மூணு ஒண்டு. உங்கடை சட்டப்படி ஏழு, ஒம்பது, ஒண்டு ஒண்டு ஒண்டு. அஞ்சு இலக்கம் வரும். பிள்ளை, வங்கிக் குறியீடு என்ன?"

"ஏழாயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொண்டு. பட்டியலிலை இருக்கு," என்றாள் தாரிகா.

"பாத்தீங்களே. இஞ்சை மூண்டும் ஒண்டும். அங்கை மூண்டு சைபர். ஒரே மனிசன், ஒரே வாய், ரெண்டு கதை."

ஹாஜியார் தாடியைத் தடவினார். தாரிகா கண்ணாடியைச் சரிசெய்தாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒன்றை விளங்கிக்கொண்டார்கள். மூன்று என்று சொன்னால் எண்ணிப் பார்த்துப் பிடித்துவிடலாம், நீளம் காட்டிக்கொடுக்கும். இரண்டு அப்படியல்ல. ரெண்டு நாலு என்பது இருபத்துநாலாக இருந்தாலும் நாற்பத்துநாலாக இருந்தாலும் இரண்டு பெட்டிதான். எண்ணுகிறவனை ஏமாற்றக் கூடிய ஒரே எண் இரண்டு. இதைத் திணைக்களத்தில் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

"பெயரும்தானே எழுதிறம்," என்றார் தியாகராசா நப்பாசையோடு. "இலக்கம் பிழைச்சால் பெயரைப் பாத்து நிப்பாட்டாதோ?"

"அதை நம்பேலாது அங்கிள். போறது இலக்கத்துக்குத்தான். அந்த இலக்கத்திலை ஒரு கணக்கு இருந்தால், அது ஆற்றை கணக்கெண்டாலும், காசு அதிலை விழுந்திடும். பிறகு அவர் ஓமெண்டால்தான் திருப்பி எடுக்கலாம். கிளை பிழைச்சால் திரும்பி வரும், இல்லையெண்டால் அங்கை சரி பாக்கிறதுக்கு நிக்கும். எதெண்டாலும் செவ்வாய்க்கு முதல் ஒண்டும் தெரியாது."

"ஒரு நூறு ரூவாவப் போட்டுப் பாப்பமே மொதல்ல," என்றார் ஹாஜியார்.

"போடலாம். அதுக்கும் ஒரு படிவம், ரெண்டு கையெழுத்து. போய்ச் சேர்ந்ததோ எண்டு சொல்லவேண்டிய ஆள் குழிக்குள்ளை."

ரிம்ஸானுக்கு எடுத்தார்கள். நீங்கள் அழைத்த இலக்கத்தை இப்போது தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் சொன்னாள். மூன்று மொழியிலும் கேட்டு முடித்தார்கள். இரண்டு முப்பத்தொன்பது.

"பிள்ளை, அந்த ரெண்டு குறியீட்டையும் அடிச்சுப் பாரும். எந்தக் கிளையெண்டு காட்டுமெல்லே," என்றார் தியாகராசா. கொட்டாஞ்சேனை என்று எது வருகிறதோ அதுதான் சரி. இவ்வளவு நேரமும் ஏன் இது தோன்றவில்லை என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

தாரிகா 008 அடித்தாள். "நுகேகொடை."

208 அடித்தாள். "மட்டக்குளி."

கொட்டாஞ்சேனை வரவேயில்லை.

ஆனாலும் தியாகராசாவின் முகம் மலர்ந்தது. "பாருங்கோ ஹாஜியார். கொட்டாஞ்சேனைக் கடைக்காரனுக்குப் பக்கத்திலை மட்டக்குளி. பஸ்ஸிலை ஏறினால் இறங்கவும் நேரமில்லை. நுகேகொடையிலை அவருக்கு என்ன அலுவல்? இருநூற்றெட்டுத்தான்."

ஹாஜியாரால் மறுக்க முடியவில்லை. அவருக்கே நுகேகொடையில் ஓர் அலுவலும் இருந்ததில்லை. "ப்ராஞ்ச்ல நீங்க வென்றீங்க. நாலுல நான் வென்றன். ஆளுக்கொண்டு. போடுங்க கையெழுத்த," என்றார்.

தியாகராசா வேறொரு படிவத்தை நிரப்பிப் பேனாவைக் கையெழுத்துக்குக் கொண்டுபோனார். 208, நாற்பத்துநாலு. ஆளுக்கொன்று. ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கனகேஸ்வரி.

"அனுப்பியாச்சோ?"

"கையெழுத்து வைக்கிறன் கனகு."

"சரி. அவசரம் இல்லை." அவள் குரல் இறங்கியது. "கால் கொஞ்சம் வீங்குது. நீட்டிப் படுத்தால் நல்லாயிருக்கும். ருக்கியா ரெண்டு கதிரையைச் சேர்த்து வைச்சிருக்கிறா. நீங்கள் ஆறுதலாப் பாத்து அனுப்புங்கோ."

அவள் ஆறுதலாக என்று சொன்னால் தாங்க முடியாமல் இருக்கிறது என்று அர்த்தம். முப்பத்துநாலு வருடத் தாம்பத்தியத்தில் அவர் பிழையில்லாமல் வாசிக்கக் கற்ற ஒரே குறியீடு அது. பேனா கடதாசியைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே நின்றது. ஆளுக்கொன்று என்று பங்குபோட இது மாம்பழமா? பிழைத்தால் செவ்வாய்க்கிழமை வரை அந்த இரண்டு கதிரை.

"கனகு," என்றார், "நீர் லிஃப்டுக்கு முன்னாலைதானே இருக்கிறீர்? கதவிலை ரிம்ஸானின்ரை ஸ்டிக்கர் ஒண்டு ஒட்டியிருக்கும். கடை நம்பர் இருக்கோ பாரும். கைத்தொலைபேசி இல்லை, கடை நம்பர்."

"இருக்குது. காலமை பதினொரு மணியிலை இருந்து அதைத்தானே வாசிச்சுக்கொண்டு இருக்கிறன். பாடமாயே சொல்லுவன்."

"ஒவ்வொண்டாச் சொல்லும். சேர்த்துச் சொல்லாதையும். மூண்டு சைபர், ரெண்டு நாலு எண்டெல்லாம் சொல்லாதையும்."

"உங்களுக்கு என்னப்பா நடந்தது?" என்றாள் கனகேஸ்வரி. ஆனால் ஒவ்வொன்றாகவே சொன்னாள்.

கொட்டாஞ்சேனைக் கடையில் தொலைபேசியை எடுத்தது ரிம்ஸானின் மனைவி ஷிஹாரா. ஹாஜியார்தான் கதைத்தார். நேரத்தை மிச்சம் பிடிக்கிற நோக்கத்தில் நேரே கேட்டார்.

"மக, ஓங்கட மாப்புளட ப்ராஞ்ச் கோட் ரெண்டு சைபர் எட்டா, ரெண்டு சைபர் எட்டா?"

மறுமுனையில் ஷிஹாரா யோசித்தாள். "ரெண்டும் ஒண்டுதானே மாமா."

"இல்ல மக. ஒண்டு ரெண்டு. மத்தது ரெண்டு இல்ல, ரெண்டு."

தியாகராசா தொலைபேசியை மெல்ல அவர் கையிலிருந்து வாங்கி, சத்தமாக வைத்து, மேசையில் வைத்தார். "தங்கச்சி, உங்கடை ஆளின்ரை கணக்கு எந்தக் கிளையிலை?"

"நுகேகொட."

தியாகராசாவுக்கு மட்டக்குளி பஸ் கைவிட்டுப் போனது. "கொட்டாஞ்சேனையிலை இருந்துகொண்டு ஏன் தங்கச்சி நுகேகொடையிலை?"

ஷிஹாரா கொஞ்சம் தயங்கினாள். "கலியாணத்துக்கு முந்தி நான் அந்த பேங்க்ல, நுகேகொட ப்ராஞ்ச்ல கேஷியர். இவர் ஒரு நாள் அங்க லிஃப்ட் திருத்த வந்தவர். அடுத்த நாள் வந்து கணக்குத் தொறந்தவர். பொறகு ஒவ்வொரு நாளும் நூறு ரூவா போட வருவார். கொட்டாஞ்சேனைல இருந்து பஸ்ஸேறி. பஸ்ஸுக்கே அதவிடக் கூட முடிஞ்சீக்கும்."

"ஒவ்வொரு நாளுமா?" என்றாள் தாரிகா. அதுவரை உத்தியோகத்தராக இருந்தவள் கன்னத்தில் கை வைத்துவிட்டாள்.

"ஏழு மாசம். மனேஜர் கள்ளச் சல்லியோண்டு சந்தேகப்பட்டவர். கணக்க மாத்துங்கண்டு இப்பவும் சொல்ற. மாத்த மாட்டாராம்."

ஹாஜியார் கடைப் பில்லால் முகத்தை விசிறிக்கொண்டார். "ஓங்கட ஆள் நல்ல ஆள் மக. ஆனா கணக்குச் சொல்லத் தெரியாது."

"அது அவர்ட பிழையில்ல மாமா. அவர் எப்பவும் டபள் ஸீரோ எய்ட்ண்டுதான் சொல்ற. இண்டைக்கி என்னமோ ஒரு சேர் டபள் சொல்லக் கூடாது, தமிழ்ல சொல்லுண்டு புடிச்சீக்கிறாராம். எறங்க முந்தி எனக்கு மெஸேஜ் போட்டீந்தார், வேர்த்துப் போச்சிண்டு."

தாரிகா கணினித் திரையை மிக உன்னிப்பாகப் பார்த்தாள். ஹாஜியார் கூரையைப் பார்த்தார். தியாகராசா தொண்டையைச் செருமினார்.

"அந்த சேர் நான்தான், தங்கச்சி."

"ஆ," என்றாள் ஷிஹாரா. கேஷியராக இருந்த பெண், ஆகவே உடனே சமாளித்தாள். "பரவால்ல சேர். நான் சொல்றன். டபளும் வாணாம், ரெண்டும் வாணாம். ஒவ்வொரு இலக்கமாச் சொல்ற, நீங்க எழுதுங்க. முடிஞ்சதும் நீங்க எனக்குத் திரும்ப வாசிங்க. நான் வாசிச்சாப் போதாது, நீங்க வாசிக்கணும். பாஸ்புக் கையில ஈக்கிது."

இரண்டு நாற்பத்தெட்டு. பழைய படிவத்தில் வெட்டித் திருத்த முடியாது என்றாள் தாரிகா. புதிய படிவம் ஒன்றைத் தள்ளினாள்.

"ப்ராஞ்ச். சைபர். சைபர். எட்டு."

"சைபர். சைபர். எட்டு. நுகேகொடை," என்றார் தியாகராசா. தாரிகா திரையைப் பார்த்து ஓம் என்று தலையாட்டினாள்.

"எக்கவுண்ட். ஒண்டு. சைபர். சைபர். சைபர். அஞ்சு."

இனி வருவதுதான் ஆபத்து. ஹாஜியார் மேசையைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்துநாலுக்காக அவர் தன் கடையையே எழுதிக் கொடுக்கத் தயாராக இருந்தார்.

"ரெண்டு," என்றாள் ஷிஹாரா. நிறுத்தினாள். "நாலு."

"ரெண்டெண்டது இலக்கமோ, எண்ணிக்கையோ?"

"இலக்கம் சேர். மொதல்ல ரெண்டு, அதுக்குப் பொறகு ஒரே ஒரு நாலு."

"இருபத்துநாலு," என்றார் தியாகராசா. குரலில் வெற்றி தொனிக்காமல் பார்த்துக்கொள்ள அவர் பட்ட பாட்டை ஹாஜியார் கவனித்தார்.

"ப்ராஞ்ச் என்ட, நாலு உங்கட," என்றார் ஹாஜியார். "நாம ஆளுக்கொண்டு பங்குபோட்டது சரி. ஆனா மாறிப் போட்டீக்கிறோம்."

ஏழு, ஆறு, ஒன்பது. தியாகராசா முழுவதையும் திரும்ப வாசித்தார். பாஸ்புக்கைப் பார்த்து ஷிஹாரா ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டாள். பிறகு அவர் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பத்து. பின்பக்கத்திலிருந்து எண்ணினார். அப்போதும் பத்து. மூன்றாம் முறை எண்ணத் தொடங்கியபோது ஹாஜியார் படிவத்தை இழுத்துத் தன் கையெழுத்தை வைத்துத் திருப்பித் தந்தார்.

தாரிகா அடித்தாள். அனுப்புவதற்கு முன் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். "கடைசியா ஒருக்கால் பாருங்கோ அங்கிள். வங்கி, கிளை, கணக்கு, தொகை. நான் அழுத்தினால் பிறகு என்னாலை இழுக்கேலாது."

தியாகராசா பார்த்தார். அந்தத் திரையில் பத்து இலக்கம் மட்டும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. இரண்டு கதிரையைச் சேர்த்து நீட்டிய ஒரு காலும் அதற்குள் கிடந்தது.

"அழுத்தும் பிள்ளை."

இரண்டு ஐம்பத்தாறு. நாலு நிமிடம் கழித்து காவலாளி வங்கிக் கதவை உள்ளிருந்து சாத்தினார். தாரிகாவின் மேசைக்கு முன்னால் இரண்டு கிழவர்கள் மட்டும் தொலைபேசியொன்றைப் பார்த்தபடி இருந்தார்கள். மூன்று ஏழுக்கு அது மணியடித்தது. பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது.

"சேர், குழியால வந்துட்டன். மெஸேஜ் வந்தீக்கிது, சல்லி விழுந்திட்டு. நான் புறக்கோட்டைக்குப் போறன்." கொஞ்சம் நின்று, "சேர், நான் சொன்ன தமிழ் வெளங்கிச்சா?" என்றான்.

"நல்லா விளங்கினது தம்பி," என்றார் தியாகராசா. "ரெண்டு விதமாயும் விளங்கினது."

ரிம்ஸான் சொன்னபடி ஐந்து மணிக்கு வரவில்லை. காலி வீதியில் நெரிசலாம். ஐந்து ஐம்பதுக்குப் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தான். ஆறரைக்கு லிஃப்டுக்குள் வெளிச்சம் வந்தது. கீழ்த்தளத்தில் அப்போது ஏழெட்டுக் கதிரை சேர்ந்திருந்தது. கனகேஸ்வரியைப் பார்க்க வந்தவர்கள், லிஃப்டுக்காகக் காத்திருந்தவர்கள், ருக்கியாவின் சூப்புக்காக வந்தவர்கள் என்று ஒரு சின்னச் சபை. யாரோ கைதட்டினார்கள்.

"மொதல் ஓட்டத்துக்கு மூணு பேர்தான். நான் உள்ள நிக்கோணும்," என்றான் ரிம்ஸான். "மாமியும் இன்னொரு ஆளும் வரலாம்."

தியாகராசா ஓரடி முன்னே வைத்தார். ருக்கியா அதற்குள் கனகேஸ்வரியின் கையைப் பிடித்து, தலையணையையும் சூப்புப் பாத்திரத்தையும் இடுக்கிக்கொண்டு உள்ளே ஏறிவிட்டாள். கதவு மூடிக்கொண்டது. மூடும் இடைவெளியில் கனகேஸ்வரி அவரைப் பார்த்து ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. மேலே சிவப்பு வெளிச்சத்தில் மாடிகள் ஒவ்வொன்றாகப் போயின. ஐந்தில் நின்றது. எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

அப்போதுதான் அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். வீட்டுச் சாவி அதற்குள் இருந்தது.

லிஃப்ட் இறங்கி வரட்டும் என்று அவரால் நிற்க முடியவில்லை. படியில் ஏறத் தொடங்கினார். இரண்டாம் மாடி வரை கணக்காய்வாளராக ஏறினார். மூன்றாம் மாடியில் சுவரைப் பிடித்தார். நாலாம் மாடியில் லிஃப்ட் அவரைக் கடந்து சாவகாசமாகக் கீழே போகிற சத்தம் கேட்டது. ஐந்தாம் மாடிக்கு அவர் வந்து சேர்ந்தபோது பேச்சு வரவில்லை. ருக்கியா சிரிப்பை முக்காட்டுக்குள் மறைத்தாள்.

கனகேஸ்வரி பூட்டிய கதவுக்கு முன்னால் இரும்புச் சட்டத்தைப் பிடித்தபடி நின்றாள். முகம் களைத்திருந்தது. மேலும் கீழும் அவரைப் பார்த்தாள்.

"ஏனப்பா ஓடி வந்தனீங்கள்? நான் இந்தக் காலோடை எங்கை ஓடப் போறன்?"

அவர் சாவியை நீட்டினார். மூச்சு வாங்கியதில் துவாரம் கிடைக்கவில்லை. அவள் ஒரு கையைச் சட்டத்திலிருந்து எடுத்து, அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, சரியான இடத்துக்குக் கொண்டுபோனாள். பூட்டுத் திறந்தது. உள்ளே காலையிலிருந்து பூட்டிக் கிடந்த வீட்டின் வெக்கை முகத்தில் அடித்தது.

"விளக்கைப் போடுங்கோ," என்றாள். "என்ரை கட்டிலிலை என்னென்ன குவிச்சு வைச்சிருக்கிறியளோ, அதையெல்லாம் முதலிலை எடுங்கோ."

அவர் முன்னால் ஓடினார். பின்னால் இரும்புச் சட்டம் வாசற்படியைத் தாண்டுகிற சத்தம் கேட்டது. டக், டக். பிறகு அவளுடைய காலடி.